வடிகட்டிய தயிரில் புரதமும் கொழுப்பும்: எடை போட்டுக் கணக்கிடுவது எப்படி?

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் இறங்கிக் கெட்டியாகிறது. புரதம் புதிதாக எங்கிருந்தும் வருவதில்லை. இருந்த புரதம் குறைந்த எடைக்குள் நெருங்கி உட்காருகிறது, அவ்வளவுதான். ஆனால் எத்தனை மடங்கு நெருங்குகிறது என்று கேட்டால் புரதத்துக்கு ஒரு பதில், கொழுப்புக்கு வேறு பதில். அதை வீட்டுத் தராசை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

முதலில் காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, அதில் 1000 கிராம் தயிர் எடுங்கள். டம்ளர் கணக்கு வேண்டாம், தயிர் எவ்வளவு கட்டியாக விழுகிறது என்பதைப் பொறுத்து அது மாறும். பாக்கெட்டில் 100 கிராமுக்கு என்ன போட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் புரதம் 3.2 கிராம், கொழுப்பு 4 கிராம். அப்படியானால் மொத்தத் தயிரில் புரதம் 32 கிராம், கொழுப்பு 40 கிராம்.

வீட்டில் உறை ஊற்றிய தயிர் என்றால் பாலின் எண்களையே எடுத்துக்கொள்ளலாம், உறைவதால் புரதமும் கொழுப்பும் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் ஆடையை எடுத்துவிட்டிருந்தால் கொழுப்புக் கணக்கு தப்பாகிவிடும்.

அடுத்து, மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, வடிகட்டியின் மேல் இரண்டு மடிப்பாக விரியுங்கள். தயிரைக் கலக்காமல் அப்படியே சரியவிட்டு, முடிந்து, கீழே ஒரு பாத்திரம் வைத்து ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க விடுங்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று பிழியாதீர்கள். பிழிந்தால் தயிரே துணி வழியாக வெளியே வரும்.

மறுநாள் காலை துணியில் ஒட்டியதையும் வழித்து எடுத்து, கெட்டித் தயிரையும் இறங்கிய தண்ணீரையும் தனித்தனியாக எடை போடுங்கள். நம் உதாரணத்தில் தயிர் 440 கிராம், தண்ணீர் 550 கிராம். மீதி 10 கிராம் துணியோடு போனது. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய ஆரம்ப எடை வர வேண்டும். 100 கிராம் குறைந்தால் எங்கோ சிந்தியிருக்கிறது, அல்லது பாத்திர எடையைக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

இப்போது அந்தத் தண்ணீரைப் பாருங்கள். இளம் மஞ்சள்-பச்சை நிறத்தில் தெளிவாக இருந்தால் நல்லது. பால் போல வெளுத்தோ, வெள்ளைத் துகள் மிதந்தோ இருந்தால் தயிர் கசிந்திருக்கிறது. அப்போது கீழே வரும் கணக்கு பொருந்தாது, அந்தத் தண்ணீரை இன்னொரு மடிப்புத் துணியில் மறுபடி வடியுங்கள்.

தெளிவான தண்ணீரிலும் 100 கிராமுக்குச் சுமார் 0.7 கிராம் புரதம் இருக்கும். கொழுப்போ 0.1 கிராம்தான். ஏன் இந்த வித்தியாசம்? பாலின் பெரும்பான்மைப் புரதமான கேசின், உறையும்போது வலை போலப் பின்னிக்கொள்கிறது. கொழுப்புத் துளிகள் அந்த வலைக்குள் சிக்கிவிடும். வே புரதம் என்ற இன்னொரு வகையோ நீரில் கரைந்தே இருக்கும், நீரோடு ஓரளவு போய்விடும். பாலை நன்றாகக் காய்ச்சியிருந்தால் அதில் ஒரு பங்கு கேசினோடு ஒட்டிக்கொள்ளும், இழப்பு குறையும்.

சரி, கணக்கு. 550 கிராம் தண்ணீரோடு போன புரதம் சுமார் 4 கிராம், கொழுப்பு அரை கிராம்.

```
புரதம்: (32 - 4) ÷ 440 × 100 = 6.4
கொழுப்பு: (40 - 0.5) ÷ 440 × 100 = 9.0
```

புரதம் சரியாக இரண்டு மடங்கு, கொழுப்பு இரண்டேகால் மடங்கு. பலர் செய்வது போல வெறுமனே 1000-ஐ 440-ஆல் வகுத்து அந்த மடங்கால் பெருக்கினால் புரதம் 7.3 என்று வரும், அது கூடுதல் கணக்கு. கொழுப்புக்கு அந்தக் குறுக்குவழி சரியாகவே வேலை செய்யும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முழுக் கொழுப்புத் தயிரை வடித்துவிட்டு ‘புரத உணவு’ என்று கிண்ணம் நிறையச் சாப்பிட்டால், உள்ளே போவது புரதத்தைவிடக் கொழுப்புதான் அதிகம். புரதம்தான் வேண்டும் என்றால் கொழுப்பு நீக்கிய தயிரில் தொடங்குங்கள். 3.5 கிராம் புரதமும் 0.2 கிராம் கொழுப்பும் உள்ள தயிர் இதே அளவு வடிந்தால் புரதம் 7 கிராமுக்கு வரும், கொழுப்பு அரை கிராமைத் தாண்டாது.

இந்த எண்கள் இந்த 440 கிராமுக்கு மட்டும்தான். அடுத்த முறை நாலு மணி நேரத்திலேயே இறக்கினால் 600 கிராம் மிஞ்சலாம், அப்போது புரதம் 5 கிராமைக்கூடத் தொடாது. அதேபோல ரொம்பக் கெட்டியாகிவிட்டது என்று இறங்கிய தண்ணீரைத் திரும்பக் கலந்தீர்களானால், கலந்த பிறகு எடை போட்டு, சேர்த்த ஒவ்வொரு 100 கிராம் தண்ணீருக்கும் 0.7 கிராம் புரதத்தைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வகுக்க வேண்டும்.