அம்மம்மாவுக்கு போஸ்ட்காட் எழுதப் போறீங்களா? இடத்தை இப்பிடிப் பாருங்கோ

அவசர விஷயமெண்டா ஃபோன்ல சொல்லுங்கோ. ஆனா ஃபோன் பாக்கத் தெரியாத அம்மம்மா தலகணிக்கடியில வச்சுத் திரும்பத் திரும்ப வாசிக்கிறதுக்கு போஸ்ட்காட்தான்.

படம் போட்ட அட்டையில பின்பக்கம் வலது பாதி விலாசத்துக்கும் முத்திரைக்கும் போயிடும், மிஞ்சுறது இடது பாதி, ஏழு சென்டிமீட்டர் அகலம்கூட வராது. தமிழ் எழுத்து அகலம் எண்டபடியா ஒரு வரிக்கு மூண்டு சொல்லுதான் வரும், வயசானவைக்குப் பெருசா எழுதினா எட்டு வரி. அப்ப மொத்தம் 25 சொல்லு அளவுதான். அதே அளவுக்கு கொப்பித்தாளை வெட்டி முதல்ல அதில எழுதிப் பாருங்கோ, இல்லாட்டி கடைசி வரி விலாசத்துக்க ஏறிடும்.

நான் போனமுறை மாங்குளத்தில இருந்து எழுதினது இது:

"அம்மம்மா, 12ஆம் திகதி நல்ல மழை. முற்றத்து முருங்கை சாஞ்சு போச்சு, வேர் இருக்கு, திரும்பத் தளிர்க்கும். உங்கட கால் நோ எப்பிடி? 28ஆம் திகதி வாறன்."

ஒரு புதினம், ஒரு கேள்வி, வாற நாள், அவ்வளவுதான். "நேற்று", "நாளைக்கு" எண்டு எழுதாதேங்கோ, போய்ச்சேர நாலஞ்சு நாள் ஆனா அர்த்தமே மாறிடும். "சுகம், சுகமறிய ஆவல்" எண்டு தொடங்கினா ஒரு வரி போச்சு.

வழவழப்பான அட்டையில ஜெல் பேனை இழுபடும், போல்பொயின்ட் பேனையால எழுதி ஒருக்கா விரலால தேய்ச்சுப் பாருங்கோ. அட்டை திறந்தபடி போறதால ஆரும் வாசிக்கலாம், காசு, காணி, வருத்தக் கதையெல்லாம் கடித உறைக்குள்ள வையுங்கோ.