அட்மிஷன் வீடியோ ஸ்கிரிப்டை நான் திருத்துன கதை

எங்க ஊர் மெட்ரிக் ஸ்கூலுக்கு 90 செகண்ட் அட்மிஷன் வீடியோ, நான்தான் ஸ்கிரிப்ட். முதல்ல ட்ரோன் ஷாட், 'நூறு சதவீத தேர்ச்சி'ன்னு வழக்கமான பில்டப்தான். எடிட்ல போட்டுக் காட்டுனா ஒரு அம்மா, "தம்பி, வேன்ல என் புள்ளைய யாரு இறக்கி விடுவாங்க?"ன்னு கேட்டாங்க, அவ்ளோதான், மொத்தத்தையும் கிழிச்சுட்டேன்.

சாயங்காலம் கேட்டுல நின்னு பெத்தவங்க கேக்குறத அப்படியே எழுதினேன். புது ஸ்கிரிப்ட்ல முதல் ஷாட்டே வேன் அக்கா, புள்ளைங்கள எண்ணி இறக்கி நோட்டுல டிக் போடுறாங்க. அப்புறம் ஃபீஸ், வேன், புக்ஸ் கூட்டி ஒரே தொகை ஸ்கிரீன்ல. 'கிளாஸ்ல 38 பேர், ஏசி கிடையாது'ன்னு ஹெச்.எம். வாயாலயே சொல்ல வச்சேன். கரஸ்பாண்டன்ட்தான் அந்த வரிய வெட்டச் சொன்னார், நேர்ல வந்தா தெரியத்தானே போகுது சார்னேன், விட்டுட்டார்.