சுவரை உடைக்க விடுமுன் டைவர்ட்டரைக் கழற்றிப் பாருங்கள்

கோலாலம்பூரில் வீடு எடுப்பது பெரிய வேலை இல்லை. பெரும்பாலும் இரண்டு மாத வாடகை முன்பணம், மின்சாரத்துக்கும் தண்ணீருக்குமாக அரை மாத வாடகை, முத்திரை வரி கட்டிய ஒப்பந்தம், அவ்வளவுதான். சென்னையில் பத்து மாத முன்பணம் கொடுத்தவர்களுக்கு இது சுலபமாகவே தெரியும். கொடுத்த பணம் முழுதாகத் திரும்புமா என்பதுதான் கேள்வி. குளியலறையில் தண்ணீரை ஷவருக்கோ கீழ்க் குழாய்க்கோ திருப்பிவிடும் டைவர்ட்டர் பழுதானால்கூட அதில் கை வைத்துவிடுவார்கள்.

கோவையிலிருந்து வந்த என் நண்பர் அங்கே செந்தூல் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். ஷவரைத் திறந்தால் கீழே உள்ள குழாயிலும் பாதித் தண்ணீர் ஓடும். வீட்டு ஏஜென்ட் அனுப்பிய ஆள் வந்தார், எதையும் கழற்றவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்து, உள்ளே இருக்கும் டைவர்ட்டரின் பித்தளை உடலே போய்விட்டது, சுவர் ஓடுகளை உடைக்க வேண்டும் என்றார். உடைத்தார்கள். செலவு 1,200 ரிங்கிட். வீட்டைக் காலி செய்தபோது, புதிதாகப் பதித்த ஓடுகளின் நிறம் பொருந்தவில்லை என்று முன்பணத்திலும் பிடித்தார்கள். கழற்றிப் போட்ட பழைய டைவர்ட்டரை நான் எடுத்துப் பார்த்தேன். பித்தளையில் கீறல்கூட இல்லை. உள்ளே இருந்த, தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ் என்ற பாகத்தின் கறுப்பு ரப்பர் வளையம் ஒரு பக்கம் நைந்து, அதில் செம்மண் நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. எனக்கு இன்றும் ஆத்திரம் ஆறவில்லை.

ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணீரைப் பிரித்து அனுப்பும் வேலையைச் செய்வது அந்தக் கார்ட்ரிட்ஜ்தான். கைப்பிடியைத் திருப்பினால் அது ஒரு வழியை மூடி மறு வழியைத் திறக்கும். மூடும் இடத்தில் ரப்பர் தேய்ந்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் போகும். ஆனால் கைப்பிடி கடைசிவரை போகாமல் நடுவில் நின்றாலும் இதே கதைதான். ஆகவே முதலில் கைப்பிடியைக் கவனியுங்கள். இறுக்கமாக இருந்து பாதியில் நின்றால் உள்ளே அழுக்கு சிக்கியிருக்கிறது. கைப்பிடி மட்டும் லொடலொடவென்று சுற்றினால் அதன் சிறு திருகாணி தளர்ந்திருக்கலாம். அல்லது உள்ளே இருக்கும் பற்கள் தேய்ந்திருக்கலாம். சுகமாகக் கடைசிவரை திரும்பியும் இரண்டிலும் ஒழுகினால் கார்ட்ரிட்ஜ் தேய்ந்துவிட்டது. இந்த மூன்றில் எதற்கும் சுவரை உடைக்க வேண்டியதில்லை. சுவருக்குள் கசிந்து ஈரம் பரவினால்தான் அந்தப் பேச்சே.

நம் ஊர்ப் பழக்கத்தில் உப்புப் படிந்திருக்கும் என்று வினிகரை ஊற்றத் தோன்றும். இங்கே வருவது ஆற்று நீர், உப்பு குறைவு. தண்ணீர் வெட்டு முடிந்து விநியோகம் திரும்பும்போது கலங்கலாக வருகிறதே, அந்த மண்ணும் துருவும்தான் ரப்பரை அறுக்கின்றன. அப்படி வரும் நாளில் முதலில் வேறொரு குழாயைத் திறந்து, தெளியும்வரை ஓடவிட்டு, அதற்குப் பிறகு ஷவரைத் தொடுங்கள்.

கழற்றுவதற்கு முன் வீட்டுக்கு வரும் தண்ணீரின் பிரதான வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியுங்கள். வடிகாலில் துணியை அடையுங்கள், திருகாணி விழுந்தால் போனதுதான். கைப்பிடியின் மூடியை நெம்பி எடுத்தாலோ அடியில் பார்த்தாலோ சிறு திருகாணி தெரியும்; பெரும்பாலும் அறுகோணச் சாவி வேண்டியிருக்கும். கைப்பிடி, அலங்கார மூடி, பித்தளை நட்டு என்று வரிசையாக வந்தால் கார்ட்ரிட்ஜை நேராக இழுத்து எடுக்கலாம். அது இருந்த குழியை விரலால் தடவித் துடைத்து மணலை எடுங்கள். இதைச் செய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் சீக்கிரம் நையும். வளையத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள். எண்ணெய் பட்டால் சிலவகை ரப்பர் ஊதிவிடும். குழாய்களுக்கான சிலிகான் கிரீஸ் கொஞ்சம் போதும்.

வாங்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. அளவும் கைப்பிடி மாட்டும் பற்களின் எண்ணிக்கையும் மாதிரிக்கு மாதிரி மாறும். படம் மட்டும் எடுத்துப் போனால் பொருந்தாது. செந்தூலில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "பழையதைக் கையோடு கொண்டு வாருங்கள் தம்பி, இல்லாவிட்டால் நான் விற்கவே மாட்டேன்" என்பார். அவரிடம் என் வீட்டுக்கு 40 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. சில கார்ட்ரிட்ஜ்கள் நடுநிலையில் இரண்டு பக்கமும் தண்ணீர் விடும்படியே செய்யப்படுகின்றன. ஒரு நேரத்தில் ஒரு வழி மட்டும் திறக்கும் வகை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். தவறான வகையை மாட்டினால் பழுது போகவில்லை என்று மறுபடி ஆளைக் கூப்பிடுவீர்கள்.

சாவி வாங்கிய அன்றே ஷவரைத் திறந்து, கீழ்க் குழாயும் ஓடினால் அது தெரியும்படி வீடியோ எடுத்து, வீட்டுக்காரருக்கும் ஏஜென்டுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சிறு பழுதுகளில் எவ்வளவு தொகைவரை உங்கள் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், படித்துக்கொள்ளுங்கள். நீங்களே மாற்றுவதாக இருந்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தேய்ந்த கார்ட்ரிட்ஜையும் ரசீதையும் ஒரு பையில் போட்டு, வீட்டைக் காலி செய்து முன்பணம் கைக்கு வரும்வரை எறியாதீர்கள்.