சாம்பல் கல்லை அவசரப்பட்டுச் சுவரில் ஏற்றாதீர்கள்

கடலூரில் எங்கள் வீட்டுப் பின்பக்க மதிலுக்கு வந்து இறங்கிய சாம்பல் கல்லில் ஒன்றைக் கையில் எடுத்தேன். அடிப்பக்கம் ஈரம் காயவில்லை. முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. அடித்து ஆறு நாள்தான் ஆகிறது என்றார் லாரி டிரைவர். மேஸ்திரி காத்திருக்கிறாரே என்று கட்டிவிட்டோம். பூச்சு முடிந்த இரண்டாம் மாதம், கல் சந்து போகிற வழியெல்லாம் மயிரிழை விரிசல்.

செங்கல் பழக்கம்தான் இந்தத் தவறுக்குக் காரணம். சூளையில் வெந்து இறங்கிய செங்கல் அன்றைக்கே முழுக் கல். சாம்பல் கல் வேகவே இல்லை. அனல்மின் நிலையப் புகையிலிருந்து பிடிக்கும் நுண்சாம்பலுக்குத் தனியாக ஒட்டும் குணம் கிடையாது. சுண்ணாம்போ சிமெண்டோ தண்ணீரோடு சேரும்போது, அந்தச் சுண்ணாம்பு சாம்பலில் உள்ள சிலிக்காவோடு மெல்ல வினை புரிந்து கல்லாக இறுகும். அதற்கு வாரக்கணக்காகும்; அதுவரை கல் ஈரமாகவே இருக்க வேண்டும். நடுவில் காய்ந்தால் இறுகல் அங்கேயே நின்றுவிடும். அடித்து 28 நாள் ஆன கல்லாகக் கேட்டு வாங்குங்கள்.

நெய்வேலிச் சாம்பல் பழுப்பு நிலக்கரியிலிருந்து வருவது. அப்படிப்பட்ட சாம்பலில் கருநிலக்கரிச் சாம்பலைவிடச் சுண்ணாம்புச் சத்து பொதுவாக அதிகம். அதனால் வேறு ஊர்க் கலவை அளவை அப்படியே இங்கே போடுவதும் தவறு. சோதனைக்குக் கொஞ்சம் கல் அடித்துப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும்.

வாங்குகிறவர் செய்யக்கூடிய சோதனை எளியது. நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, ஈரத்தைத் துடைத்து மறுபடி போடுங்கள். 3 கிலோ கல் 3.420 கிலோ ஆனால் 14 சதவீதம் குடித்திருக்கிறது, பரவாயில்லை. 3.600 கிலோவைத் தாண்டினால் 20 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டது. அந்த லோடை இறக்க விடாதீர்கள்.

கட்டும்போது செங்கல் போலத் தொட்டியில் ஊற வைப்பார்கள். வேண்டாம், லேசாகத் தெளித்தால் போதும். ஊறிய கல் சுவரில் காய்ந்து சுருங்கும்போது பூச்சையும் சேர்த்து இழுத்துக் கிழிக்கும். கடற்கரையோர போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அந்தத் தண்ணீரை ஊற்றியே கல்லை இறுக வைத்திருந்தால் பின்னால் வெள்ளையாகப் பூத்துப் பெயிண்டைத் தள்ளும். கல் அடிக்கும் இடத்தில் எந்தத் தண்ணீர் விடுகிறார்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

சிமெண்ட் மூட்டையில் பி.பி.சி. என்றிருந்தால் அதில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் ஏற்கெனவே அரைத்துக் கலந்தாயிற்று. வேலை நடக்கும் இடத்தில் அதற்கு மேலும் சாம்பல் கொட்டிக் கலக்காதீர்கள். சாதா சிமெண்டுக்கு 7 நாள் தண்ணீர் விடுகிற இடத்தில் இதற்குக் குறைந்தது 10 நாள், நம் ஊர் வெயிலில் 14 நாள் விடுங்கள்.