சராசரி 2, பரவற்படி 1.9: நான்கு நெருங்கிய விடைகளில் சரியானதைக் கண்டறிவது எப்படி?

தண்டையார்பேட்டையில் மாலை நேரங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குச் சூத்திரங்கள் மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் நான்கு விடைகளும் 0.13, 0.14 என்று அருகருகே நிற்கும்போது எதைத் தொடுவது என்று திகைத்துப்போகிறார்கள். அந்த இடத்தை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஈருறுப்புப் பரவல், பாய்சான் பரவல் ஆகியவற்றின் வரையறைகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அவர்களுக்காக நான் அமைத்த கணக்கு இது. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் ஒரு வண்டியில் உடைந்துபோகும் ஐஸ் பெட்டிகளின் எண்ணிக்கை X. அதன் சராசரி 2, பரவற்படி 1.9. ஒரு பெட்டிகூட உடையாமல் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? விடைகள்: (அ) 0.1496, (ஆ) 0.1424, (இ) 0.1353, (ஈ) 0.1285.

படி 1: எந்தப் பரவல் என்று முடிவுசெய்யுங்கள். பாய்சான் பரவலில் சராசரியும் பரவற்படியும் ஒன்றே. ஈருறுப்புப் பரவலில் சராசரி np, பரவற்படி npq. q ஒன்றைவிடச் சிறியது என்பதால் பரவற்படி எப்போதும் சராசரியைவிடக் குறைவாகவே இருக்கும். இங்கே 1.9 என்பது 2ஐ விடக் குறைவு. எனவே இரண்டில் ஈருறுப்புப் பரவல் மட்டுமே பொருந்தும். வித்தியாசம் வெறும் 0.1தானே என்று இதைப் பாய்சானாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் கணக்கின் உயிரே அந்த 0.1இல்தான் இருக்கிறது. பரவற்படி சராசரியைவிட அதிகமாக வந்தால் இந்த இரண்டு பரவல்களுமே பொருந்தா. கொடுத்த எண்ணைச் சரியாகப் படித்தோமா என்று மீண்டும் பாருங்கள்.

படி 2: முதலில் q, பிறகு p, கடைசியில் n. பரவற்படியைச் சராசரியால் வகுத்தால் q கிடைக்கும்: 1.9 ÷ 2 = 0.95. ஆகவே p = 0.05. இப்போது n வேண்டும். சராசரியை p ஆல் வகுக்க வேண்டும்: 2 ÷ 0.05 = 40.

இந்தப் படியில்தான் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் சற்று நிற்கிறேன். பரவற்படியை p ஆல் வகுத்தால் 1.9 ÷ 0.05 = 38 வரும். அதுவும் முழு எண்தான், பார்ப்பதற்குப் பிழையாகவே தோன்றாது. ஆனால் npqஐ p ஆல் வகுத்தால் கிடைப்பது nq. அது n அன்று. 38ஐ வைத்துக்கொண்டு 0.95இன் 38ஆம் அடுக்கைக் கணக்கிட்டால் 0.1424 வரும், அது விடை (ஆ)வாகக் காத்திருக்கிறது. n முழு எண்ணாக வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். கிடைத்த n, p, q மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். 40 × 0.05 × 0.95 = 1.9 என்று மீண்டும் பரவற்படி வந்தால்தான் படி முடிந்தது. 38ஐப் போட்டால் 1.805 வரும், பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

படி 3: விடைகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். ஒரு பெட்டியும் உடையாத நிகழ்தகவு 0.95இன் 40ஆம் அடுக்கு. கணிப்பான் இல்லாமலே இதைச் செய்யலாம், தொடர்ந்து வர்க்கப்படுத்தினால் போதும்: 2ஆம் அடுக்கு 0.9025, 4ஆம் அடுக்கு 0.8145, 8ஆம் அடுக்கு 0.6634, 16ஆம் அடுக்கு 0.4401, 32ஆம் அடுக்கு 0.1937. 32உம் 8உம் சேர்ந்தால் 40, ஆகவே 0.1937 × 0.6634 = 0.1285. விடை (ஈ).

(இ)யில் உள்ள 0.1353 பாய்சான் விடை; சராசரி 2 என்று வைத்தால் e⁻² தருவது அதுவே. (அ)வில் உள்ள 0.1496, பரவற்படி 1.9ஐயே பாய்சானின் சராசரியாக எடுத்துக்கொள்பவருக்குக் கிடைக்கும் e⁻¹·⁹.

படி 4: பெருக்காமலே திசையை அறிதல். p எந்த மதிப்பானாலும் (1 − p) என்பது e⁻ᵖஐ விடச் சிறியது. எனவே பூச்சியத்துக்கான ஈருறுப்பு நிகழ்தகவு, அதே சராசரியுள்ள பாய்சான் நிகழ்தகவைவிட எப்போதும் குறைவு. 0.1353ஐ விடக் குறைந்த விடை ஒன்றே ஒன்று இருப்பதால், ஒரு பெருக்கல்கூட இன்றி (ஈ)ஐத் தேர்ந்திருக்கலாம். காரணம் எளிது: பரவற்படி குறைவு என்றால் மதிப்புகள் சராசரியை நெருங்கிக் குவிந்திருக்கின்றன, அதனால் சராசரிக்கு அருகில் ஈருறுப்பு ஓங்கியும், தொலைவில் தாழ்ந்தும் இருக்கும். சரியாக இரண்டு பெட்டிகள் உடைவதற்கான நிகழ்தகவைக் கேட்டால் திசை தலைகீழாகிறது: ஈருறுப்பு 0.2777, பாய்சான் 0.2707.

கணக்கைச் சரிபார்க்க நான் விரும்புவது விரிதாள்தான். கணிப்பானில் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பது பிறகு தெரியாது, விரிதாளில் போட்ட எண்கள் கண்முன்னே நிற்கும்.

```
=BINOM.DIST(0,40,0.05,FALSE)
=POISSON.DIST(0,2,FALSE)
```

கடைசியில் FALSE இருந்தால்தான் குறிப்பிட்ட அந்த ஒரு மதிப்புக்கான நிகழ்தகவு வரும். TRUE என்று போட்டால் அதுவரையிலான கூட்டுத்தொகை வந்துவிடும். பூச்சியத்துக்கு இரண்டும் ஒன்றே என்பதால் இந்தப் பிழை அங்கே வெளியே தெரியாது. BINOM.DISTஇல் 0க்குப் பதில் 1ஐப் போட்டால் 0.2706 வர வேண்டிய இடத்தில் 0.3991 வந்து நிற்கும்.

பின்சேர்க்கை 1. திசை பார்க்கும் முறை ஒரே ஒரு பெட்டி உடைவதற்கும் உதவுமா என்று படித்தவர் ஒருவர் கேட்டிருந்தார். உதவாது. அங்கே ஈருறுப்பு 0.27055, பாய்சான் 0.27067. ஓங்கிய பகுதியும் தாழ்ந்த பகுதியும் மாறும் எல்லை ஏறத்தாழ (k − சராசரி)² = k என்னும் இடத்தில் வருகிறது; சராசரி 2 என்றால் k = 1, k = 4 ஆகிய இரண்டும் அந்த எல்லையில் விழுகின்றன. அத்தகைய k கேட்கப்பட்டால் ஐந்து தசம இடம் வரை கணக்கிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொரு வர்க்கத்தையும் நான்கு இடத்தோடு வெட்டிக்கொண்டே போனால் அந்தத் துல்லியம் கிடைக்காது, ஆகையால் இடையில் ஆறு இடங்களாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2. கணக்கின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் e⁻² = 0.1353 என்று கொடுத்திருந்தால், பாய்சான் தோராய மதிப்பைத்தான் கேட்கிறார்கள் என்று கொள்ளலாம். அப்போது n, p இரண்டும் நேரடியாகத் தரப்பட்டிருக்கும், பரவற்படி தரப்பட்டிருக்காது.

பின்சேர்க்கை 3. பரவற்படிக்குப் பதில் திட்டவிலக்கம் தரப்படும் கணக்குகளில் பலர் சிக்குவதாக அறிந்தேன். சராசரி 6, திட்டவிலக்கம் 2 என்றால் பரவற்படி 4; q = 2/3, p = 1/3, n = 18. அந்த 2ஐயே பரவற்படியாக எடுத்தால் q = 1/3, p = 2/3, n = 9 என்று அதுவும் அழகாக முழு எண்ணில் வந்துவிடும்; np, npq இரண்டையும் பெருக்கிப் பார்த்தாலும் 6, 2 என்றே பொருந்தும். ஆகவே படி 2இல் சொன்ன சரிபார்ப்பு இந்தப் பிழையைப் பிடிக்காது. கணக்கைப் படிக்கும்போதே திட்டவிலக்கம் என்ற சொல்லுக்குக் கீழே கோடிட்டு, பக்கத்திலேயே அதன் வர்க்கத்தை எழுதிவிட்டு, அதன்பின் வகுக்கத் தொடங்குங்கள். பாய்சானுக்கும் இதுவே முறை: திட்டவிலக்கம் 2 என்றால் சராசரி 4; பயன்படுத்த வேண்டியது e⁻⁴.