கடைச் சரக்கை ஏ, பி, சி என்று பிரிப்பது எப்படி? (ஒரே ஷீட்டில்)

எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் உறவினருக்காகப் போட்ட ஷீட் இது. எல்லாப் பொருளையும் ஒரே கவனத்தோடு எண்ணி, ஒரே மாதிரி ஆர்டர் போட்டு அவர் களைத்துப்போயிருந்தார். எந்தப் பொருளில் பணம் ஓடுகிறது என்று வரிசைப்படுத்திவிட்டால் எதை வாரம் ஒருமுறை எண்ணுவது, எதை மொத்தமாக வாங்கிப் போட்டுவிடுவது என்பது தெரிந்துவிடும். ஐந்தில் ஒரு பங்குப் பொருளிலேயே பணத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஓடும் என்கிற பரேட்டோவின் 80-20 கணக்கைச் சரக்குக்குப் பொருத்தும் முறைதான் இது. பணம் அதிகம் ஓடுவது ஏ, நடுத்தரம் பி, மீதி சி.

பில்லிங் மென்பொருள் சிலவற்றில் இதற்கென்றே ரிப்போர்ட் உண்டு. ஆனால் அது எந்த மதிப்பை எடுத்துக் கணக்கிட்டது என்று பல சமயம் வெளியே தெரியாது. நான் லிப்ரே ஆபீஸ் கால்க்கில்தான் செய்வேன். எக்செல்லிலும் இதே சூத்திரங்கள் ஓடும்.

A நிரலில் பொருள், B-யில் கடந்த 12 மாதத்தில் விற்ற எண்ணிக்கை, C-யில் ஜி.எஸ்.டி. சேர்க்காத கொள்முதல் விலை. மூன்று மாதக் கணக்கு போதாது. கோடையை மட்டும் எடுத்தால் ஃபேன்தான் கடையே என்று தோன்றும். விலை நடுவில் மாறியிருந்தால் மொத்தக் கொள்முதல் தொகையை எண்ணிக்கையால் வகுத்து சராசரி போடுங்கள்.

D2-வில் இதை எழுதி, கீழே வரை இழுங்கள்:

```
=B2*C2
```

பலரும் சறுக்கும் இடம் இந்த D நிரல்தான். இங்கே வரவேண்டியது ஓராண்டில் ஓடிய சரக்கின் மதிப்பு, அலமாரியில் இருப்பதன் மதிப்பு அல்ல. 12,000 ரூபாய் இன்வெர்ட்டர் பேட்டரி நான்கு கிடக்கிறது, வருடத்தில் விற்றது ஒன்று என்று வையுங்கள். இருப்பை வைத்துப் போட்டால் 48,000 என்று பட்டியலில் மேலே ஏறிவிடும். ஓட்டத்தை வைத்துப் போட்டால் 12,000தான். அது தேங்கிய சரக்கு, தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம்.

இன்னொன்று, அலகு. ஒயரை 90 மீட்டர் சுருளாக வாங்கி மீட்டரில் வெட்டி விற்கிறோம். விற்பனை ரிப்போர்ட் 21,600 மீட்டர் என்கிறது, விலையோ சுருளுக்கு 1,500. இரண்டையும் பெருக்கினால் 3 கோடியே 24 லட்சம்! சரியான கணக்கு 240 சுருள், 3,60,000 ரூபாய். ஒரே பொருள் ஏ, மீதி எல்லாம் சி என்று வந்தால் முதலில் அலகைப் பாருங்கள்.

அடுத்து, முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து D-யின்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். D-யை மட்டும் அடுக்கினால் சூத்திரம் அந்தந்த வரியையே மறுபடி கணக்கிடும், வரிசை மாறாது. அப்புறம் E2, F2-வில் இவற்றை எழுதி, கீழே வரை இழுங்கள். E-யில் வருவது மேலிருந்து அந்த வரி வரை கூட்டிய மதிப்பு மொத்தத்தில் எத்தனை பங்கு என்பது, F-இல் வருவது பிரிவு. 11 என்பது கடைசிப் பொருளின் வரி எண், உங்கள் பட்டியலுக்கு ஏற்ப மாற்றுங்கள்:

```
=SUM(D$2:D2)/SUM(D$2:D$11)
=IF(N(E1)<0.8,"A",IF(N(E1)<0.95,"B","C"))
```

டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். E நிரலைச் சதவீத வடிவத்துக்கு மாற்றினால் இப்படி வரும்:

| பொருள் | ஆண்டு மதிப்பு (ரூ.) | கூட்டுச் சதவீதம் | பிரிவு |
|---|---|---|---|
| ஒயர் | 3,60,000 | 45 | A |
| ஃபேன் | 2,00,000 | 70 | A |
| எல்.இ.டி. பல்பு | 96,000 | 82 | A |
| எம்.சி.பி. | 48,000 | 88 | B |
| சுவிட்ச் | 40,000 | 93 | B |
| பி.வி.சி. பைப் | 24,000 | 96 | B |
| பேட்டரி | 12,000 | 97.5 | C |
| ஹோல்டர் | 8,000 | 98.5 | C |
| டேப் | 8,000 | 99.5 | C |
| ஸ்க்ரூ | 4,000 | 100 | C |

பல்பைப் பாருங்கள். அதன் கூட்டு 82, அதாவது 80-ஐத் தாண்டிவிட்டது. பல செய்முறைகளில் இருப்பதுபோல் "80-க்குள் இருந்தால் ஏ" என்று எழுதினால் பல்பு பி-க்குப் போய்விடும், ஏ பிரிவு 70 சதவீதத்தோடு நின்றுவிடும். ஒரே பொருள் 85 சதவீதம் பிடிக்கும் கடையில் ஏ பிரிவே இருக்காது. அதனால்தான் மேலே உள்ள சூத்திரம் முந்தைய வரியின் கூட்டைப் பார்க்கிறது. முதல் வரிக்கு மேலே இருப்பது தலைப்பு எழுத்து என்பதால் N() அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்.

80, 95 இரண்டும் வழக்கமான எல்லைகள்தான், சட்டமில்லை. பட்டியலில் மதிப்பு சட்டென்று இறங்கும் இடம் பக்கத்தில் இருந்தால் கோட்டை அங்கே நகர்த்தலாம். இங்கே பல்புக்கும் எம்.சி.பி.க்கும் நடுவில் மதிப்பு பாதியாகிறது, கோடும் அங்கேயே விழுந்திருக்கிறது.

பிற்சேர்க்கை: "எம்.சி.பி. விலையைத் திருத்தினேன், பிரிவுகள் குழம்பிவிட்டன" என்று ஒருவர் எழுதியிருந்தார். எண்ணை மாற்றினால் மறுபடி அடுக்க வேண்டும். ஷீட் தானாக அடுக்காது.

இன்னொருவர் கேட்டது நல்ல கேள்வி: டேப் சி பிரிவு, ஆனால் டேப் இல்லை என்றால் எலக்ட்ரீஷியன் அடுத்த கடைக்குப் போய் ஒயரையும் அங்கேயே வாங்கிவிடுவாரே? உண்மைதான். இந்த முறை பணத்தை மட்டுமே பார்க்கும், அவசியத்தைப் பார்க்காது. மருத்துவமனை மருந்துக் கிடங்குகளில் இதற்காகவே உயிர்காப்பது, அவசியமானது, இருந்தால் நல்லது என்று இன்னொரு பிரிப்பும் சேர்த்து வைப்பார்கள். கடைக்கு அவ்வளவு வேண்டாம். G நிரலில் "தீரக்கூடாது" என்று குறியுங்கள். டேப் மலிவுதான், இரண்டு மாதச் சரக்கு கூடுதலாக இருந்தாலும் 1,400 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.