பிரசவப் பையை மூன்றாகப் பிரித்துக் கட்டுங்கள்

என் தங்கைக்கு 37 வாரம் முடிந்த மறுநாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. தலைப்பிரசவம். கட்டுச்சோறு விருந்து முடிந்து தாராபுரத்திலிருந்து கோபிக்கு, எங்கள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பை தயாராகத்தான் இருந்தது, ஆனால் துணிமணி, சோப்பு, குழந்தைத் துண்டு எல்லாம் ஒட்டுக்கா ஒரே பெரிய பையில். குழந்தை பிறந்ததும் நர்ஸ் கதவைத் திறந்து "பாப்பாவுக்குத் துணி குடுங்கம்மா" என்று கேட்க, அம்மா வராண்டாவில் தரையில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்கேன் ஃபைல் தாராபுரத்தில் பீரோவுக்குள் இருந்தது. மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு வந்து சேர விடிந்துவிட்டது.

அன்றைக்குப் புரிந்தது இதுதான்: பையைக் கட்டுவது கர்ப்பிணி, திறப்பது வேறு ஆட்கள். தாயின் பையை ஆயாம்மாவோ நர்ஸோ திறப்பார்கள், குழந்தையின் பையை அம்மச்சி திறப்பார், ஃபைலைக் கவுன்ட்டரில் நின்று கணவர் திறப்பார். அதனால் மூன்றையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எப்போது, எதில் கட்டுவது

34-ஆவது வாரத்தில் ஆரம்பித்து 36-க்குள் முடித்துவிடுங்கள். ட்ராலி சூட்கேஸ் எல்லாம் வேண்டாம், வார்டில் கட்டிலுக்கு அடியில் அது நுழையாது. ஜவுளிக்கடையில் தரும் கட்டைப்பை இரண்டு போதும், வேறு வேறு நிறத்தில். சிவப்பு அம்மாவுக்கு, மஞ்சள் பாப்பாவுக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். காகிதங்களுக்குப் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று.

இரண்டாவது படி: அம்மாவின் பை

பிரசவ அறைக்குள் போகும் பொருட்களை மட்டும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுப் பெரிய பைக்குள் மேலாக வையுங்கள். அதில் முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி ஒன்று, பெரிய அளவு பேட் ஒரு பாக்கெட், இரண்டு காட்டன் ஜட்டி, ஒரு துண்டு, ஸ்ட்ரா போட்ட தண்ணீர் பாட்டில். ஸ்ட்ரா எதற்கு என்று யோசிக்காதீர்கள், வலியில் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது தலையைத் தூக்காமல் ஒரு வாய் குடிக்க அதுதான் உதவும்.

மீதிப் பையில் நைட்டி சுகப்பிரசவமானால் மூன்று, ஆபரேஷன் என்றால் ஐந்து. ஆபரேஷனானால் கூடுதல் நாள் தங்க வேண்டியிருக்கும் என்பதால் இந்தக் கணக்கு. கை அகலமாக இருக்கட்டும், குளுக்கோஸ் ஊசி ஏற்றிய கையை இறுக்கமான கைக்குள் நுழைக்க முடியாது. உள்பாவாடை வேண்டவே வேண்டாம், தையல் போட்ட இடத்தில்தான் அதன் நாடா வந்து இறுக்கும். ஜட்டியும் தொப்புளுக்கு மேல் வரும் அளவுக்குப் பெரியதாக, தையலில் உரசாததாக வாங்குங்கள்.

பேட் குறைந்தது இரண்டு பாக்கெட் வையுங்கள். முதல் சில நாள் உதிரப்போக்கு மாதவிலக்கைவிட அதிகமாகத்தான் இருக்கும், அதில் பயமில்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, எலுமிச்சம்பழ அளவு கட்டியாக விழுந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும், அந்த பேட்டைத் தூக்கிப் போடாமல் அவரிடம் காட்ட வேண்டும். துணைக்கு இருப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெற்றவள் அசதியில் தூங்கிவிடுவாள், பார்க்க வேண்டியது கூட இருப்பவர்தான்.

நகை விஷயத்தைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள். வளையலையும் செயினையும் நிமிஷத்தில் கழற்றிவிடலாம், மெட்டிதான் கழறாது. எட்டாம் மாதத்துக்கு மேல் கால் வீங்கும். என் தங்கைக்கு விரல் மெட்டியைச் சுற்றிப் பிதுங்கி நின்றது, பிரசவ அறை வாசலில் சோப்புத் தண்ணி போட்டு உருவியதில் தோல் உரிந்துவிட்டது. எட்டாம் மாதம் பிறந்ததுமே, வீக்கம் குறைவாக இருக்கும் காலை நேரத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக் கழற்றி வைத்துவிடுங்கள். தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ள ஒரு மஞ்சள் கயிறு பையில் இருக்கட்டும். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவிக்கு அது இடைஞ்சல்.

அப்புறம் செருப்பு. வீங்கிய காலுக்கு ஒரு அளவு பெரியதாக, வழுக்காத ரப்பர் செருப்பு. பிளாஸ்க் ஒன்று, ஒரு தூக்குப்போசி, டம்ளர், ஸ்பூன். ஆனால் கஞ்சியோ காபியோ நர்ஸைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. திடீரென்று ஆபரேஷன் என்று முடிவானால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது படி: பாப்பாவின் பை

பிறக்கும் முன்னால் குழந்தைக்குப் புதுத்துணி எடுக்கக் கூடாது என்பது நம் பக்கம் பல வீடுகளில் வழக்கம். அது இந்தப் பைக்கு நல்லதுதான், ஏனென்றால் பச்சைக்குழந்தைக்குப் பழைய வேட்டியை மிஞ்சிய துணி கிடையாது. புது வேட்டியில் கஞ்சி இருக்கும், விறைப்பாகக் குத்தும். அப்பாறு கட்டித் துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன நாலு முழ வேட்டி நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். கரையை முதலில் வெட்டி எறியுங்கள், கரை தோலில் கோடு போடும். ஒரு வேட்டியைக் குறுக்கே இரண்டாகவும் நீளத்தில் மூன்றாகவும் வெட்டினால் கிட்டத்தட்ட இரண்டடிச் சதுரமாக ஆறு துண்டு கிடைக்கும். மூன்று வேட்டிக்குப் பதினெட்டு, இவை இடுப்பில் கட்ட. நான்காவது வேட்டியைச் சரிபாதியாக வெட்டினால் சுற்றிப் பிடிக்க இரண்டு பெரிய துணி.

முதல் நாள் குழந்தை ஒன்றிரண்டு முறைதான் ஒன்றுக்குப் போகும், நாளாக நாளாகக் கூடும், ஐந்தாறு நாளில் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் நனைக்கும். அதனால் வீட்டில் துவைத்துக் கொண்டுவர ஆள் இருந்தால் பதினெட்டு போதும். முதல் இரண்டு நாள் மலம் கருப்பாகத் தார் மாதிரி ஒட்டும், அந்தக் கறை சுலபத்தில் போகாது. நைந்த துண்டுகளை முதலில் பயன்படுத்துங்கள். ராத்திரிக்கு மட்டும் பச்சிளங்குழந்தை அளவு டயப்பர் சின்ன பாக்கெட் ஒன்று.

இதில் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். பழைய துணி என்றதும் எல்லோரும் பீரோவைத்தான் திறப்போம், அதில் அந்துருண்டை போட்டிருப்போம். பல அந்துருண்டைகளில் நாப்தலீன் இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு அது பட்டாலோ மூச்சில் போனாலோ ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. எங்கள் அம்மா எடுத்து வைத்திருந்த ஒரு சேலைத்துணியை முகத்துக்கிட்ட கொண்டுபோனதுமே அந்த நெடி அடித்தது, அதை ஒதுக்கிவிட்டோம். அந்துருண்டை போட்ட பீரோவில் கிடந்த எதையும் பாப்பாவின் பைக்கு எடுக்காதீர்கள், கொடியில் கிடக்கும் துணியே போதும். அதைச் சுடுதண்ணியில் அலசி, நல்ல வெயிலில் காய வைத்து, இஸ்திரி போட்டு, சுத்தமான தலையணை உறைக்குள் கட்டி வையுங்கள்.

கதவைத் திறந்து கேட்டதும் கொடுக்க வேண்டிய கட்டு ஒன்றைத் தனியாக முடிந்து மேலே வையுங்கள்: துடைக்க மெத்தென்ற துண்டு ஒன்று, சுற்ற ஒரு பெரிய துணி, ஒரு காட்டன் தொப்பி, ஒரு இடுப்புத்துணி. ஈரத்தோடு வரும் குழந்தைக்குச் சூடு வேகமாக இறங்கும், தலை வழியாக நிறையப் போகும். தொப்பி அதற்குத்தான்.

பவுடர், கண்மை, விளக்கெண்ணெய், தேன் எதுவும் பைக்குள் வரக் கூடாது. சர்க்கரைத்தண்ணி தொட்டு வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். வீட்டிலேயே பக்குவமாகப் பேசிவிடுங்கள், முதலில் நாக்கில் படுவது சீம்பாலாக இருக்கட்டும்.

நான்காவது படி: ஃபைல்

தாய் வீட்டில் பிரசவம் என்றால் சிக்கல் வருவது இங்கேதான், ஏனென்றால் பாதிக் காகிதம் மாமியார் வீட்டிலேயே தங்கிவிடும். கட்டுச்சோறு அன்றைக்கே எல்லாம் கையோடு வந்துவிட வேண்டும்.

மேலே தாய் சேய் நல அட்டை. அதில் கிராம சுகாதார செவிலியர் பதிந்து தந்த 12 இலக்க ஆர்சிஹெச் எண் இருக்கிறதா என்று பாருங்கள், பிக்மி எண் என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிய இந்த எண்ணைக் கேட்பார்கள், தனியார் மருத்துவமனையில் பிரசவமானாலும் வேண்டும். அதன் கீழே ரத்த வகை, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன்கள், தேதி வாரியாகப் புதியது மேலே. ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஃபைல் அட்டையிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். குழந்தைக்குப் பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். பிறகு இருவரின் ஆதார் நகல் இரண்டிரண்டு, தாயின் பேங்க் பாஸ்புக் நகல், காப்பீட்டு அட்டை.

கடைசியாக ஒரு வெள்ளைத்தாள். அதில் தாய், தந்தை பெயரை ஆதாரில் இருக்கிறபடியே, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது உட்பட, தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சு எழுத்தில் எழுதி வையுங்கள். பிறப்பு விவரப் படிவத்தை நிரப்பும்போது யாரோ வாயால் சொல்ல யாரோ எழுதுவார்கள். என் தங்கைக்கு அட்டையில் அப்பா இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல், மாப்பிள்ளை பெயரில் ஆங்கிலத்தில் ஒரு ஹெச் விட்டுப்போனது. கையெழுத்துப் போடும் முன் படித்ததால் அங்கேயே திருத்திவிட்டோம். பிறப்பு 21 நாளுக்குள் பதிவாக வேண்டும், குழந்தை பிறந்த ஊரில்தான் பதிவாகும். கோபியில் பிறந்தால் கோபியில்தான், அப்பா ஊர் தாராபுரம் என்றாலும். பெயர் வைக்காவிட்டாலும் பதியலாம், ஒரு வருஷத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது படி: ஒத்திகை

கூட வரப்போகிறவரை உட்கார வைத்து, "பாப்பா தொப்பி எடுங்க, ஆதார் எடுங்க" என்று கேளுங்கள். தேட வேண்டியிருந்தால் பையை மாற்றிக் கட்டுங்கள். தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்கு முன்னால் எங்கள் அம்மாவிடம் இப்படிக் கேட்டபோது, மஞ்சள் பையில் கையை விட்டு, எட்டிக்கூடப் பார்க்காமல் அந்தக் கட்டை எடுத்துக் கொடுத்தார்.

முன்கூட்டியே பையில் போட முடியாதவை சில உண்டு: போன், சார்ஜர், கண்ணாடி, தினமும் போடும் தைராய்டு மாத்திரை. இவற்றை ஒரு சீட்டில் எழுதி, சிவப்புப் பையின் கைப்பிடியில் ஊக்கு குத்தி மாட்டிவிடுங்கள்.